டர்போ, டீசல் பம்ப் பழுதறி அட்டவணையைத் தமிழாக்கியது பற்றிக் கராஜில் கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் லொறி வேலை செய்யும் கராஜ்களுக்காக, டர்போவுக்கு ஒரு பக்கமும் டீசல் பம்ப், நொசிலுக்கு ஒரு பக்கமுமாக இருந்த ஆங்கிலப் பழுதறி அட்டவணையைத் தமிழில் எழுதினேன். அதற்கு முன்பு பல வருடங்கள், டீசல் பம்பும் நொசிலும் பழுதுபார்க்கும் பம்ப் ரூமில் வேலை செய்தவன் நான். அட்டவணை சுவரில் ஏறிய நாளிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பாட்ஸ் பேரெல்லாம் எங்களுக்கு இங்கிலீஷிலதானே பழக்கம். பிறகென்னத்துக்குத் தமிழ்?

பாகங்களின் பெயரில் நான் கை வைக்கவில்லை. நொசில் நொசில்தான், இன்டர்கூலர் இன்டர்கூலர்தான். 'எரிபொருள் பீய்ச்சி' என்று எழுதிவிட்டு, உதிரிப்பாகக் கடையில் போய் அதைக் கேட்கச் சொல்ல முடியாது. பழைய பாஸ்மார் 'ரேர்போ' என்பார்கள், பொடியன்மார் 'டர்போ' என்பார்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயருக்குக் கிட்ட இருப்பதால் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

தடுமாற்றம் வந்தது வேறிடத்தில். ஆங்கில அட்டவணையின் ஒரு வரியில் ஆறேழு சொல் இருந்தால் பாகத்தின் பெயர் அதில் இரண்டு மூன்றுதான். மிச்சம் எல்லாம் அந்தப் பாகத்துக்கு என்ன நடந்தது, எந்தப் பக்கத்தில் நடந்தது என்று சொல்பவை. கராஜில் பெயரைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை ஊகிக்கிறார்கள். டர்போ, ஒயில், பைப் என்ற மூன்று சொல்லையும் கண்டுவிட்டு, டர்போவுக்கு ஒயில் வரும் மேல் பைப்பைக் கழற்றிக் கழுவிப் பூட்டியவரை நான் கண்டிருக்கிறேன். அந்த வரி சொன்னது, டர்போவிலிருந்து ஒயில் கீழே திரும்பும் பைப்பை. அவருடைய கைவேலையில் ஒரு பிழையும் இல்லை. தமிழாக்க வேண்டியிருந்தது அந்த மிச்சச் சொற்களைத்தான்.

ஒரிஜினல் ஒரே பக்கத்தில கட்டம் கட்டமா வடிவா இருந்தது. நீங்க ஏன் துண்டு துண்டாப் பிரிச்சீங்க?

மூல அட்டவணையில் பழுதின் அறிகுறிகள் மேலே நெடுக நிற்கும், காரணங்கள் இடது பக்கத்தில் கீழ்நோக்கிப் போகும், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஒரு புள்ளி இருக்கும். டர்போ அட்டவணைகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. ஆங்கிலத்தில் மேல் தலைப்புகள் சிறியவை, செங்குத்தாகத் திருப்பி அச்சடித்தாலும் வாசிக்கலாம். 'பாரம் ஏற்றினால் இழுக்குதில்லை, கறுப்புப் புகை' என்பதைச் செங்குத்தாகத் திருப்பினால் கழுத்தைத் திருப்பித்தான் வாசிக்க வேண்டும். ஒயில் கையோடு நிற்பவர் விரலை வைத்துக் கோடு இழுக்கவும் மாட்டார். கண் ஒரு வரி தவறினால் வேறு காரணத்தில் போய் விழும்.

ஆகவே ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு தனிப் பட்டி போட்டேன். அதற்குள் காரணங்களைக் கண்ணால் பார்க்கக்கூடியது முதலிலும், ஸ்பானர் தேவைப்படுவது பிறகும், பம்ப் ரூமுக்கு அனுப்ப வேண்டியது கடைசியிலும் வரும்படி அடுக்கினேன். மூலத்தில் இந்த வரிசை இல்லை, அதில் எல்லாப் புள்ளியும் சமம். மொழிபெயர்ப்பாளர் வரிசையை மாற்றலாமா என்று என்னிடம் ஒருவர் கோபமாகவே கேட்டார். ஒரு காரணத்தையும் நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஆனால் டர்போ மாற்றுவதும் ஹோஸ் கிளிப் இறுக்குவதும் பக்கத்துப் பக்கத்து வரியில் சமமாக நின்றால் எது முதலில் நடக்கும் என்பது கராஜில் நின்றவருக்குத் தெரியும்.

'லீக்' எண்டு போட்டாலே எல்லாருக்கும் விளங்குமே. அதுக்கு ஏன் நாலு விதமா எழுதியிருக்கு?

என்னுடைய முதல் பிரதியில் எல்லா இடத்திலும் 'ஒழுக்கு' என்றே எழுதியிருந்தேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை. தமிழில் ஒழுக்கு என்றால் கண்ணுக்குத் தெரியும், சொட்டும், ஈரம் இருக்கும். கூரை ஒழுகும், வாளி ஒழுகும். டர்போ எஞ்சினில் ஆங்கிலம் 'லீக்' என்று சொல்லும் நான்கு இடங்களில் ஒன்றிலும் அப்படிச் சொட்டு இருக்கும் என்று நம்ப முடியாது.

முதலாவது, டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில். இங்கே டர்போ அழுத்திய காற்று இன்டர்கூலர் வழியாகப் போகிறது. ஓட்டை இருந்தால் காற்று வெளியே பீறும். இஞ்சின் ஐடிலில் நிற்கும்போது அழுத்தம் இல்லை, அதனால் சத்தமும் இல்லை. பாரத்தோடு ஏறும்போதுதான் பீறும், அந்த நேரம் பொனெட்டுக்குள் யாரும் தலையை விட்டுப் பார்ப்பதில்லை.

இரண்டாவது, எயார் பில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில். இங்கே டர்போ உறிஞ்சுகிறது, ஆகவே ஓட்டை இருந்தால் காற்று உள்ளே புகும். வெளியே ஒன்றும் வராது. கிண்ணியாப் பக்கம் மணல் ஏற்றும் டிப்பருக்கு இது எமன். பில்டர் வழியாக வராமல் புகுந்த தூசி நேராக டர்போவின் சில்லில் அடித்து, அலகுகளின் ஓரத்தைத் தேய்த்துவிடும். பைப்பைக் கழற்றி உள் சுவரை விரலால் தடவினால் மணல் ஒட்டும். சாட்சி அதுதான்.

மூன்றாவது, எக்ஸோஸ்ட் மேனிபோல்டுக்கும் டர்போவுக்கும் நடுவில். சூடான புகை டர்போவைச் சுழற்றாமல் இடையில் தப்பிப் போகிறது. சுற்று குறையும், காற்று குறையும். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது 'டிக் டிக்' என்று கேட்கும்.

நான்காவது டீசல் பக்கம். டாங்கிக்கும் பீட் பம்புக்கும் நடுவில் உள்ள பைப், வாஷர், செடிமென்டர் எல்லாம் உறிஞ்சும் பக்கம். இஞ்சின் ஓடும்போது அங்கே டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். டீசல் ஒழுகவில்லை, ஆகவே லீக் இல்லை என்று விட்டுவிட்டு, மூன்று நாள் பம்பை ஆராய்ந்த கதை எங்கள் ஊரில் எத்தனையோ. பீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் தெளிவான பிளாஸ்டிக் ஹோஸ் பூட்டி ஓட்டிப் பார்த்தால் குமிழி ஓடுவது தெரியும். குமிழி நிற்கும்வரை டாங்கிப் பக்கமாக ஒவ்வொரு இணைப்பாகப் போக வேண்டியதுதான்.

நான்கையும் ஒரே சொல்லால் சொன்னால் நான்கையும் ஒரே விதமாகத்தான் தேடுவார்கள். அதனால் இப்போதைய அட்டவணையில் 'லீக்' என்ற சொல் தனியாக எங்கும் இல்லை. எது, எங்கிருந்து எங்கே, எந்த நேரத்தில் என்று எழுதியிருக்கிறேன். வரி நீண்டுவிட்டது என்பது உண்மைதான்.

இங்கே இன்னொன்று. 'எயார் எடுக்குது' என்று எழுதினால் சுருக்கமாக இருக்குமே என்றார்கள். கராஜில் 'எயார் எடு' என்றால் நட்டைத் தளர்த்தி லைனில் நிற்கும் காற்றை வெளியே விடு என்று அர்த்தம். பழுதுக்கும் அதைத் தீர்க்கும் வேலைக்கும் ஒரே சொல் வந்துவிடும். ஆகவே பழுதுக்குக் 'காற்று உறிஞ்சுது' என்றும், வேலைக்கு 'எயார் வெளியே எடுக்கவும்' என்றும் பிரித்தேன்.

முதல் பிரதியால ஒரு டிப்பருக்குச் சும்மா டர்போ மாத்தினது எண்டு சொல்றாங்க. உண்மையா?

உண்மை. அந்த வரியை எழுதியவன் நான்.

ஆறு சிலிண்டர், இன்டர்கூலர் உள்ள டிப்பர். பழைய வகைப் பம்ப், டர்போ அழுத்தத்துக்கேற்ப டீசலைக் கூட்டும் பூஸ்ட் டயப்ரம் இல்லை. வெறும் லொறியாக நன்றாக ஓடும். கிண்ணியாவிலிருந்து மணலோடு கந்தளாய்ப் பக்கம் போகும்போது சிறு ஏற்றத்திலும் கியர் இறக்க வேண்டும், பின்னால் கறுப்புப் புகை. மெக்கானிக் என் அட்டவணையை வைத்துக்கொண்டு ஒழுங்காக வரி வரியாகத்தான் போயிருக்கிறார். எயார் பில்டர் பார்த்தார், புதியது. அடுத்த வரியில் நான் எழுதியிருந்தது: 'இன்டர்கூலர் ஹோஸில் ஒழுக்கு உள்ளதா எனப் பார்க்கவும்.' பார்த்தார், காய்ந்து கிடந்தது. நொசில் ஆறையும் கழற்றி பம்ப் ரூமுக்கு அனுப்பினார், எல்லாம் சரியான அழுத்தத்தில் திறந்தன. மிஞ்சியது டர்போ. பாவித்த டர்போ ஒன்று வாங்கிப் பூட்டினார்கள். லொறி அதேபோலத்தான் இழுத்தது.

அதற்குப் பிறகுதான் அனுராதபுரச் சந்திப் பக்கமிருந்த அந்தக் கராஜுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். இன்லெட் மேனிபோல்டில் ஒரு பிளக்கைக் கழற்றி, அழுத்தமானிக்கு நீளமான ஹோஸ் பூட்டி, மானியை கபினுக்குள் கொண்டுவந்து, பாரத்தோடு ஓட்டினோம். முழுதாக மிதித்தபோது மானி 0.5 பாரைத் தாண்டவில்லை. அந்த இஞ்சினின் புத்தகம் ஏறத்தாழ 1.1 பார் வர வேண்டும் என்றது. நொசில் இதில் குற்றவாளி இல்லை என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. பம்ப் கொடுக்க வேண்டிய டீசலைக் கொடுக்கிறது, அதை எரிக்கக் காற்றுத்தான் வந்து சேரவில்லை. கறுப்புப் புகை அதனால்தான்.

பிறகு டர்போ பக்க ஹோஸையும் மேனிபோல்டு பக்க ஹோஸையும் கழற்றி, இரண்டு முனையையும் மூடியால் அடைத்தோம். ஒரு மூடியில் ரயர் வால்வு பூட்டியிருந்தது. அழுத்தம் ஏறும்போது மூடி துப்பாக்கிக் குண்டு போலப் பறக்கும், ஆகவே இரண்டையும் சங்கிலியால் கட்டினோம், முன்னால் யாரையும் நிற்க விடவில்லை. மெதுவாக 1 பார் வரை காற்று ஏற்றி சவர்க்கார நீர் பூசினோம். இன்டர்கூலரில் ஒன்றும் இல்லை. கீழ் ஹோஸின் வளைவில், உள்பக்கமாக, கிளிப்புக்கு இரண்டு விரல் தள்ளி நுரை பொங்கியது. றப்பர் நீளவாட்டில் வெடித்திருந்தது. காற்றை இறக்கியதும் வெடிப்பு ஒட்டிக்கொண்டது, கையால் தடவினாலும் தெரியாது. ஹோஸை மாற்றி ஓட்டினோம், மானி 1.1 காட்டியது, புகை நின்றது.

அந்த மெக்கானிக் செய்யாமல் விட்டது ஒன்றுமில்லை. ஒழுக்கு இருக்கிறதா என்று கேட்ட வரிக்கு இல்லை என்ற சரியான பதிலைக் கண்டுபிடித்தார். இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: 'டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் காற்று, பாரம் இழுக்கும்போது வெளியே பீறுகிறதா? ஈரம் இருக்காது. இரு முனையையும் அடைத்து, 1 பாருக்கு மேல் போகாமல் காற்று ஏற்றி, சவர்க்கார நீர் பூசிப் பார்க்கவும். ஹோஸ் வளைவின் உள்பக்கத்தை மறக்க வேண்டாம்.'

டர்போ ஒயில் விடுது எண்டா டர்போ போச்சு எண்டுதானே அர்த்தம்?

அட்டவணையில் அந்த அறிகுறிக்குக் கீழே டர்போ கடைசி வரியில்தான் வருகிறது, அதற்குக் காரணம் உண்டு.

டர்போவின் தண்டில் உள்ள சீல், சில்லு பெயரிங்கில் இருக்கும் றப்பர் சீல் மாதிரியானது அல்ல. பிஸ்டன் வளையத்தைப் போன்ற ஒரு சிறிய இரும்பு வளையம். தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுவரை சுற்றும் இடத்தில் றப்பர் நிற்காது. அந்த வளையம் தனியாக ஒயிலைப் பிடித்து வைப்பதில்லை. சில்லுப் பக்கத்துக் காற்று அழுத்தம் நடுவிலுள்ள அழுத்தத்தை விடக் கூட இருப்பதுதான் ஒயிலை உள்ளே நிறுத்துகிறது. இன்னும் ஒன்று: ஒயில் பம்பின் அழுத்தத்தில் டர்போவுக்குள் வருகிறது, ஆனால் வெளியே போவது தன் பாரத்தில் கீழே விழுந்துதான். திரும்பும் வழி கொஞ்சம் ஒடுங்கினாலும் நடுவில் ஒயில் தேங்கி, சீலைத் தாண்டிச் சில்லுப் பக்கம் போகும். புதிய டர்போ பூட்டினாலும் போகும்.

இந்த வரியில் நான் மாட்டிய சொல் 'ரெஸ்ட்ரிக்டட்'. 'அடைபட்டுள்ளதா' என்று எழுதியிருந்தேன். ஒருவர் பைப்பைக் கழற்றி வாயால் ஊதினார், காற்றுப் போனது. அடைபடவில்லை என்று பூட்டிவிட்டார். உண்மையில் உள்ளே பாதிக்கு மேல் கரி இறுகியிருந்தது. காற்றுப் போக ஊசித் துவாரம் போதும். நுரைத்த சூடான ஒயில் தானாக வடிய முழு விட்டமும் வேண்டும். இப்போது 'வழி ஒடுங்கியுள்ளதா' என்று எழுதி, ஊதிப் பார்ப்பது போதாது, முழு விட்டமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று சேர்த்திருக்கிறேன். கூடவே ஹோஸ் மடிந்திருக்கிறதா, கஸ்கெட்டுக்குப் பூசிய சிலிக்கோன் பிதுங்கித் துவாரத்தை மூடியிருக்கிறதா என்றும். அந்த இடத்துக்குச் சிலிக்கோன் பூசவே கூடாது.

திரும்பும் வழி சரி என்றால் அடுத்தது பிறீதர். எஞ்சினுக்குள் அழுத்தம் கூடினால் ஒயில் கீழே இறங்க மாட்டாது. ஐடிலில் ஒயில் மூடியைத் திறந்தால் புகை தள்ளிக்கொண்டு வருவது அதன் அடையாளம். அடுத்தது எயார் பில்டர். பில்டர் அடைத்தால் டர்போவின் முன்பக்கத்தில் உறிஞ்சல் கூடி, ஒயிலை இழுத்து எடுக்கும். மணிக்கணக்கில் ஐடிலில் நிறுத்தி வைத்தாலும், சில்லுப் பக்க அழுத்தம் இல்லாததால் கொஞ்சம் ஒயில் கசியும். துறைமுகப் பக்கமோ மில்லிலோ பாரம் ஏற்ற வரிசையில் எஞ்சினை நிறுத்தாமல் காத்து நின்ற லொறியில் கொஞ்சம் ஒயில் கண்டால் அது பழுதென்று சொல்லிவிட முடியாது.

இழுக்குதில்லை, ஆனாப் புகையும் இல்லை. இதுக்கு டர்போப் பக்கத்தைப் பாக்கிறதா, பம்ப் பக்கத்தைப் பாக்கிறதா?

முதலில் டீசல் பில்டர். அதை மாற்றியும் அப்படியே என்றால் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்கும் ஒரு பாகம் இருக்கிறது. சில பம்புகளின் மேலே அல்லது பின்னால் ஒரு தட்டையான டப்பி இருக்கும், இன்லெட் மேனிபோல்டிலிருந்து அதற்கு ஒரு மெல்லிய ஹோஸ் வரும். உள்ளே ஒரு டயப்ரம். டர்போவின் அழுத்தம் அதைத் தள்ளினால்தான் பம்ப் முழு டீசலையும் விடும். காற்று இல்லாமல் டீசல் மட்டும் போய்ப் புகை கக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஹோஸ் வெடித்தாலோ டயப்ரம் கிழிந்தாலோ, டர்போ நன்றாக இருந்தும் பம்ப் டீசலைக் கூட்டாது. லொறி சோம்பி நிற்கும், புகை வராது.

இந்தப் பாகத்தால் எனக்கு வந்த தலையிடி அதன் பெயர். ஆங்கில அட்டவணையின் டர்போப் பக்கம் 'பூஸ்ட் கொம்பென்சேட்டர்' என்றது, பம்ப் பக்கம் அதையே 'அனிரொயிட்' என்றது, இன்னொரு புத்தகம் 'ஸ்மோக் லிமிட்டர்' என்றது. மூன்றையும் அப்படியே எழுதியிருந்தால் மூன்று சாமான் இருக்கிறது என்று தேடுவார்கள். இரண்டு பக்கத்திலும் 'பூஸ்ட் டயப்ரம்' என்று ஒரே பெயர் வைத்து, டப்பி இருக்கும் இடத்தைச் சிறு படமாகவும் போட்டேன்.

பார்க்கிற விதம் எளிது. ஹோஸைக் கழற்றி ஒரு கைப்பம்பால் மெதுவாகக் காற்றுக் கொடுத்தால் மானி விழாமல் நிற்க வேண்டும். விழுந்தால் டயப்ரம் கிழிந்திருக்கிறது. ஹோஸின் இரண்டு முனையும் பழசாகி வாய் விரிந்திருப்பதும் அடிக்கடி காண்பதுதான். அதைப் பார்க்காமல் டப்பியின் ஸ்குரூவைத் திருகி டீசலைக் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு லொறி இழுக்கும். பிறகு ஏற்றத்தில் கறுப்புப் புகை, எக்ஸோஸ்ட் சூடு கூடிக் கடைசியில் டர்போவும் பிஸ்டனும் கெடும். அந்த ஸ்குரூ பம்ப் ரூமில் பெஞ்சில் வைத்துத் திருப்ப வேண்டியது என்று அட்டவணையில் தடித்த எழுத்தில் இருக்கிறது.

பைப் நட்டைத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் வேலை செய்யேல்லை எண்டு பாக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச வழி. அதை ஏன் ஒரு பட்டியில வெட்டினீங்க?

பழைய பம்ப் லொறிகளுக்கான பட்டியில் அது அப்படியே இருக்கிறது. ஐடிலில் ஒவ்வொரு நொசில் பைப் நட்டாகத் தளர்த்தவும். எதைத் தளர்த்தும்போது எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. அந்த நொசில்கள் பெரும்பாலும் 200 பாரை ஒட்டித் திறப்பவை. அங்கேகூடக் கண்ணுக்குக் கண்ணாடியும் நொசில் வாய்க்கு முன்னால் கை வைக்காத பழக்கமும் வேண்டும்.

கொமன் ரெயில் லொறியில் ரெயிலில் எப்போதும் அழுத்தம் நிற்கிறது, அது 1600 பாரும் அதற்கு மேலும் போகும். ஓடும்போது நட்டைத் தளர்த்தினால் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையுறை தடுக்காது. வெளியே பார்த்தால் குண்டூசி குத்திய அடையாளம் மாதிரித்தான் இருக்கும், முதலில் பெரிய வலியும் இராது. ஆனால் உள்ளே போன டீசல் தசையை அழிக்கும்; சில மணித்தியாலம் தாமதித்தாலே விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரலாம். அப்படி ஒன்று நடந்தால் கழுவிப் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு வேலையைத் தொடரக்கூடாது. நேரே ஆஸ்பத்திரி, போனவுடன் சொல்ல வேண்டியது 'உயர் அழுத்தத்தில் டீசல் தோலுக்குள் போயிட்டு' என்று. வெறும் குத்துக் காயம் என்று சொன்னால் வரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள்.

மூல அட்டவணையில் எந்த எஞ்சினுக்கு என்பது அடிக்குறிப்பில், பொடி எழுத்தில் இருந்தது. மொழிபெயர்க்கும்போது அடிக்குறிப்பை விட்டுவிடுவது மிக லேசு. இந்த ஒரு இடத்தில் அதைத் தலைப்பாக மேலே ஏற்றினேன். கொமன் ரெயில் பட்டியின் தாளும் மஞ்சள் நிறம்.

பீ.எஸ்.ஐ. எங்க போச்சு? கிலோ எண்டுதான் நாங்க சொல்றது.

ஒரு அட்டவணைக்குள் மூன்று அலகு கலந்தால் ஆபத்து, ஆகவே எல்லாவற்றையும் பாரில் எழுதினேன். கராஜில் சொல்லும் கிலோவும் பாரும் ஏறத்தாழ ஒன்றுதான்; 1 பார் 14.5 பீ.எஸ்.ஐ. இந்த ஒரு கணக்கு தாளின் அடியில் இருக்கிறது.

புகை நிறத்தை வைச்சு ஒரே அடியில சொல்லிடலாமே?

பாதி வழி போகலாம். கறுப்பு என்றால் காற்றுக் குறைவு அல்லது டீசல் கூட, நீலம் என்றால் ஒயில் எரிகிறது, வெள்ளை என்றால் டீசல் எரியாமல் வருகிறது அல்லது தண்ணீர். நீலத்தை வெயிலில் வானத்தை வைத்துப் பார்த்தால் வெள்ளை போலத் தெரியும். இருண்ட சுவரையோ மர நிழலையோ பின்னணியாக வைத்துப் பார்க்கவும். மாரியில் காலை ஸ்டார்ட்டில் வரும் வெள்ளையை மட்டும் வைத்து நொசிலைக் கழற்ற வேண்டாம். எஞ்சின் சூடான பிறகும் நின்றால் பார்க்கலாம்.

அட்டவணை சரியா இருக்கெண்டு எப்படி உறுதிப்படுத்தினீங்க?

வாசித்துக் காட்டி 'விளங்குதா?' என்று கேட்டால் எல்லாரும் விளங்குது என்றுதான் சொல்வார்கள். ஆகவே நான் ஒன்றும் சொல்லாமல் கராஜில் மூன்று பேரிடம் ஒரு வரியைக் காட்டி, லொறியில் செய்து காட்டச் சொன்னேன். கை எங்கே போகிறது என்று மட்டும் பார்த்தேன்.

அப்படித்தான் 'ஆட்டம்' பிடிபட்டது. 'டர்போ தண்டில் அதிக ஆட்டம் உள்ளதா எனப் பார்க்கவும்' என்ற வரிக்கு மூன்று பேரும் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார்கள், ஆடியது, டர்போ போச்சு என்றார்கள். அது நல்ல டர்போ. தண்டு ஒயில் படலத்தின் மேல் மிதக்கும்படி செய்யப்பட்டது. ஒயில் இல்லாமல் கையில் பிடித்தால் புதியதிலும் பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். முன்பின்னாகத் தள்ளி இழுக்கும் ஆட்டம் வேறு. அது பெரும்பாலும் 0.1 மில்லிமீற்றரைச் சுற்றியே இருக்க வேண்டும், கைக்குத் தெரியவே கூடாது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தது. நான் இரண்டையும் ஒரே ஆட்டமாக்கியிருந்தேன்.

இப்போது அது இரண்டு வரி. 'பக்கவாட்டு ஆட்டம்: கொஞ்சம் இருக்கலாம். தண்டை ஒரு பக்கம் அழுத்திக்கொண்டு சுற்றும்போது சில்லு அதன் வெளிக்கூட்டில் உரசினால், அல்லது உரசிய கீறல் தெரிந்தால், மாற்றவும்.' 'முன்பின் ஆட்டம்: கையால் தள்ளி இழுக்கும்போது டக் என்று உணர்ந்தால் டயல் மானி வைத்து அளந்து, அந்த டர்போவின் அளவோடு ஒப்பிடவும்.' அதே மூன்று பேரிடமும் அதே டர்போவைத் திருப்பிக் கொடுத்தேன். ஒருவர் அழுத்திச் சுற்றிப் பார்த்தார், காதைக் கிட்டக் கொண்டுபோனார், திரும்பப் பூட்டச் சொல்லிக் கொடுத்தார்.